ஒவ்வொரு ஸ்லைடுக்கும் "கேட்பவர் என்ன செய்யணும், என்ன நினைக்கணும்?" சோதனை: 18-ல் 11 தேறவில்லை

பம்ப்காரன் எழுதியது:

வணக்கம். கோவையில் மோனோபிளாக் பம்ப் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறேன். மாதாந்திர குவாலிட்டி மீட்டிங்குக்கு 18 ஸ்லைடு, 20 நிமிஷம். உட்காருகிறவர்கள் நாலு பேர்: எம்.டி., புரொடக்ஷன் மேனேஜர், பர்ச்சேஸ் மேனேஜர், அக்கவுண்ட்ஸ் மேடம்.

ஒவ்வொரு ஸ்லைடையும் எடுத்து, "இதைப் பார்த்தபிறகு கேட்பவர் என்ன செய்யணும், இல்லை என்ன நினைக்கணும்?" என்று கேட்டுப் பார்க்கச் சொல்லி ஒரு பயிற்சியில் சொன்னார்கள். கேட்டுப் பார்த்தேன். 7 ஸ்லைடுக்குப் பதில் வந்தது. மீதி 11-க்கும் "தெரிந்துகொள்ளணும்" என்பதைத் தவிர ஒன்றும் எழுத வரவில்லை. அந்த 11-ல் குவாலிட்டி பாலிசி, அஜெண்டா, டிபார்ட்மெண்ட் வாரியான ரிஜக்ஷன் அட்டவணை (இதுவே 4 ஸ்லைடு), காஸ்டிங்கில் காற்றுக்குமிழால் விழும் குழிகளான ப்ளோஹோல் போட்டோக்கள், ஆறு மாத டிரெண்ட் எல்லாம் இருக்கின்றன.

விஷயம் இதுதான். போன மாதம் பம்பின் வெளிக்கூடான கேசிங் 4,200 மெஷினிங் செய்தோம். 252 ரிஜக்ஷன். அதில் 171 லீக் டெஸ்டில் போனவை. அந்த 171-ல் 138 ஒரே பவுண்டரி வார்த்துக் கொடுத்த காஸ்டிங். மெஷினிங் முழுக்க முடிந்தபிறகுதான் லீக் டெஸ்ட் என்பதால், செய்த வேலை எல்லாம் வீண். முதல் ஆபரேஷன் முடிந்ததுமே காற்று அடைத்துச் சோதிக்க ஒரு ஃபிக்ஸ்சர் வேண்டும், 1,80,000 ரூபாய். அதற்கு எம்.டி. சம்மதிக்க வேண்டும்.

என் கேள்வி: தேறாத 11-ஐயும் தூக்கிவிடலாமா?

---

நேர்க்கோடு எழுதியது:

தூக்கிடுங்க பாஸ், யோசிக்கவே வேண்டாம். பதில் இல்லாத ஸ்லைடு ஸ்லைடே இல்ல. மிச்சம் இருக்கிற 7-க்கும் தலைப்பைக் கட்டளையா மாத்துங்க. "ரிஜக்ஷன் பகுப்பாய்வு"ன்னு போடாதீங்க, "லீக்கைக் குறையுங்கள்"னு போடுங்க. "பவுண்டரியை மாற்றுங்கள்", "ஃபிக்ஸ்சருக்கு ஒப்புதல் தாருங்கள்"... இப்படி ஒவ்வொரு ஸ்லைடும் ஒரு வேலையைச் சொல்லணும்.

---

செங்காந்தள் எழுதியது:

நேர்க்கோடு சொல்வதில் பாதியை ஏற்கிறேன். பதில் கிடைக்காத ஸ்லைடு அப்படியே திரைக்குப் போகக் கூடாது என்பது சரி. ஆனால் ஏழு ஸ்லைடிலும் கட்டளை போட்டால், எம்.டி. 20 நிமிஷத்தில் ஏழு உத்தரவு வாங்குவார். நான்காவதிலேயே எரிச்சல் வந்துவிடும். கேள்வியில் "செய்யணும்", "நினைக்கணும்" என்று இரண்டு இருப்பதே இதற்காகத்தான். ஒரு மீட்டிங்கில் செய்யச் சொல்வதற்கு ஒன்று அல்லது இரண்டு ஸ்லைடுதான் இருக்கும். மற்றவை எல்லாம் அந்த ஒன்றை நம்பவைப்பதற்காக நிற்பவை.

பம்ப்காரன், உங்களுடைய 11-ல் எத்தனை நிஜமாகவே தேறாதவை என்று இப்போது சொல்ல முடியாது. நீங்கள் எழுதிய பதில்தான் முதலில் தேறவில்லை. "தெரிந்துகொள்ளணும்" என்பதை எந்த ஸ்லைடுக்கும் எழுதலாம், நேற்றைய மழை அளவுக்குக்கூட. அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது வந்தால் அடுத்த கேள்வியைக் கேளுங்கள்: தெரிந்துகொண்டதால் அவர் எதை வேறு மாதிரி முடிவு செய்வார்?

பவர்பாயிண்டில் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் கீழே Notes பகுதி இருக்கிறது. அங்கே ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். வாக்கியம் ஒரு பதவியில் தொடங்கி ஒரு வினையில் முடியணும். "எம்.டி. ... என்று நம்பணும்", "பர்ச்சேஸ் மேனேஜர் ... கேட்டு வாங்கணும்" என்கிற மாதிரி. "ஆடியன்ஸ்", "அனைவரும்", "நிர்வாகம்" என்று தொடங்கினால் அழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். ஆள் யார் என்று எழுத முடியவில்லை என்றால் அந்த ஸ்லைடு யாருக்கு என்றே முடிவாகவில்லை என்று பொருள்.

எழுதியபிறகு அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஸ்லைடில் உள்ள எண் நேர்மாறாக இருந்திருந்தால் அதே ஆள் வேறு முடிவு எடுப்பாரா? உங்கள் ரிஜக்ஷன் பார் சார்ட்டை எடுத்துக்கொள்வோம். இப்போது தலைப்பு என்ன?

---

பம்ப்காரன் எழுதியது:

"மாதாந்திர ரிஜக்ஷன் பகுப்பாய்வு". ஏழு பார் இருக்கு, ஏழும் ஏழு கலர். லீக் 171, டைமென்ஷன் 34, ப்ளோஹோல் மேல்பரப்பில் 21, மீதி எல்லாம் சில்லறை.

---

செங்காந்தள் எழுதியது:

சரி. குறிப்பு: "எம்.டி., ரிஜக்ஷனில் முதலில் கைவைக்க வேண்டியது லீக்தான் என்று நம்பணும்." திருப்பிப் போடுவோம். லீக் 40, டைமென்ஷன் 171 என்று இருந்திருந்தால் ஃபிக்ஸ்சரே கேட்டிருக்க மாட்டீர்கள், டூல் மாற்றும் இடைவெளியைப் பற்றிப் பேசியிருப்பீர்கள். அப்படியென்றால் இந்த ஸ்லைடுக்கு உயிர் இருக்கிறது. தலைப்பை "ரிஜக்ஷனில் மூன்றில் இரண்டு பங்கு லீக் டெஸ்டில் போகிறது" என்று மாற்றுங்கள். கட்டளை தேவையில்லை, அவர் நம்ப வேண்டியது எதுவோ அதுவே தலைப்பு. லீக் பாருக்கு மட்டும் நிறம் கொடுத்து மற்ற ஆறையும் சாம்பலாக்குங்கள்.

இப்போது டிபார்ட்மெண்ட் அட்டவணை நான்கையும் அதே கேள்விக்கு உட்படுத்துங்கள். பெயிண்டிங்கில் 6 என்பதற்குப் பதில் 9 என்றிருந்தால் யாராவது எதையாவது மாற்றுவார்களா? மாற்ற மாட்டார்கள் என்றால் நான்கும் அச்சடித்த தாளாக மேஜையில் இருக்கட்டும், கேட்டால் எடுத்துக் காட்டலாம்.

ஆறு மாத டிரெண்ட் வேறு கதை. அதை நீங்கள் தேறாததில் சேர்த்திருக்கிறீர்கள். ஆனால் அதை எடுத்துவிட்டால், "போன மாதம் மட்டும் ஏதோ ஆகியிருக்கும், அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று எம்.டி. சொல்ல இடம் இருக்கிறதல்லவா? அப்படியென்றால் அதன் வேலை அந்த வாயை அடைப்பது. குறிப்பு: "எம்.டி., இது ஒரு மாதப் பிரச்சினை இல்லை என்று நம்பணும்." ஒரு ஸ்லைடுக்கு நேரடியாகப் பதில் வரவில்லை என்றால் அதை மறைத்துவிட்டு அடுத்தடுத்த ஸ்லைடுகளைப் பாருங்கள். பின்னால் வரும் ஏதாவது ஒன்று பலமிழந்தால் அதுவே இதன் பதில்.

---

யாழ்_ஆசிரியை எழுதியது:

வணக்கம். நான் சாதாரண தர விஞ்ஞானம் படிப்பிக்கிறன். இந்தக் கேள்வியை என்ர ஸ்லைடுகளுக்குக் கேட்டால் எல்லாமே விழுந்துபோகுமே? ஒளித்தொகுப்புச் சமன்பாடு போட்டிருக்கிறன் எண்டால் பிள்ளையள் அதைத் தெரிஞ்சுகொள்ளத்தானே வேணும். அவை முடிவு எடுக்கிறதுக்கு என்ன இருக்கு? எல்லாத்தையும் எடுத்துப்போட்டால் பாடம் எங்க?

---

செங்காந்தள் எழுதியது:

டீச்சர், இந்த இழை ஒப்புதல் வாங்கும் மீட்டிங்கைப் பற்றியது, அதனால் "முடிவு" என்ற சொல் அதிகம் வருகிறது. வகுப்பில் ஆள் மாறுகிறார், கேள்வி மாறவில்லை. "மாணவர் தெரிந்துகொள்ளணும்" என்பதற்குப் பதில், "மாணவர் தாளில் என்ன செய்து காட்டணும்" என்று எழுதுங்கள். சமன்பாட்டை நினைவிலிருந்து எழுதணுமா, இரண்டு பக்கமும் அணுக்களை எண்ணிச் சமன் பார்க்கணுமா, வெளிச்சத்தை மறைத்த இலையில் அயடீன் விட்டால் ஏன் நீலம் வராது என்று சொல்லணுமா? மூன்றுக்கும் மூன்று விதமான ஸ்லைடு. கடைசியானதுதான் நோக்கம் என்றால் திரையில் சமன்பாட்டைவிட இலையின் படம்தான் பெரிதாக இருக்கணும்.

---

யாழ்_ஆசிரியை எழுதியது:

ஓம், இப்ப விளங்குது. ஆனால் எங்கட பாடத்திட்டத்தில கட்டாயம் சொல்ல வேண்டியது எண்டு சில விசயங்கள் இருக்கு, பிள்ளையள் அதை வைச்சு ஒண்டும் செய்யப் போறதில்லை. அதை என்ன செய்யிறது எண்டு எனக்கு இன்னும் தெரியேல்ல.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

அந்த நாற்காலியில் உட்காரும் அக்கவுண்ட்ஸ் ஆள் பக்கமிருந்து பேசுகிறேன். ஃபிக்ஸ்சர் ஸ்லைடில் என்ன இருக்கிறது, பம்ப்காரன் சார்? படமும் விலையுமா?

---

பம்ப்காரன் எழுதியது:

ஆமாம் மேடம். சப்ளையரின் டிராயிங், கொட்டேஷன் தொகை, டெலிவரி ஆறு வாரம்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

அப்போ குறிப்பு "எம்.டி. 1,80,000-க்கு ஒப்புதல் தரணும்" என்று எழுதியிருப்பீர்கள். கேள்விக்குப் பதில் வந்துவிட்டது, ஸ்லைடு தேறிவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். தேறவில்லை. பதில் இருப்பது ஒன்று, அந்தப் பதிலுக்கு அவர் வந்து சேர ஸ்லைடில் வழி இருப்பது இன்னொன்று. அவர் என் பக்கம் திரும்பி "எத்தனை மாதத்தில் திரும்ப வரும்?" என்பார். டிராயிங்கில் அது இல்லை.

ஒரு கேசிங்குக்கு மெஷினிங் செலவு எவ்வளவு? ஃபிக்ஸ்சர் வந்தால் அதில் எவ்வளவு மிச்சம்?

---

பம்ப்காரன் எழுதியது:

முழு மெஷினிங் 140 ரூபாய். வந்த காஸ்டிங்கை அப்படியே சோதிக்க முடியாது, வாயை அடைக்கிற ரப்பர் உட்கார ஃபேஸ் சமமாக இருக்கணும். அதனால் முதல் ஆபரேஷனில் இரண்டு பக்கமும் ஃபேஸிங் செய்துதான் ஆகணும், அது 30 ரூபாய். மிச்சமாவது 110.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

171 × 110 = 18,810 மாதத்துக்கு. 1,80,000-ஐ வகுத்தால் ஒன்பதரை மாதம். இதுதான் அந்த ஸ்லைடின் தலைப்பு: "1,80,000 ரூபாய் ஒன்பதரை மாதத்தில் திரும்பும்". கொட்டேஷனும் டிராயிங்கும் தாளாக இருக்கட்டும்.

இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, 140-ஐ வைத்துக் கணக்குப் போட்டிருந்தால் ஏழரை மாதம் வந்திருக்கும், புரொடக்ஷன் மேனேஜர் அங்கேயே "ஃபேஸிங் செய்யாமல் எப்படிச் சோதிப்பீர்கள்?" என்று கேட்டிருப்பார், அதோடு மற்ற எண்களின் மேலும் நம்பிக்கை போயிருக்கும். இரண்டு, 171 ஒரு மாதத்து எண். ஆறு மாத சராசரியை எடுங்கள். சராசரி 120-தான் என்றால் 13,200, கிட்டத்தட்ட பதினாலு மாதம். அப்போதும் கேட்கலாம், ஆனால் ஒன்பதரை என்று சொல்லக் கூடாது. சோதிக்கிற ஆளுக்கு ஒரு காஸ்டிங்குக்கு ஆகும் நேரமும் செலவுதான், அது இதில் இல்லை. 4,200-ஐயும் சோதிக்கப் போகிறீர்கள், 171-ஐ மட்டும் அல்ல.

---

பம்ப்காரன் எழுதியது:

கடைசியாகச் சொன்னதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. ஒரு பீஸுக்கு 40 செகண்ட் ஆகும் என்று சப்ளையர் சொல்கிறார். முதல் ஆபரேஷன் சைக்கிள் டைம் அதைவிட அதிகம், அதனால் அதே ஆபரேட்டர் மெஷின் ஓடும்போது செய்துவிடுவார்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

அந்த வாக்கியத்தை அப்படியே ஸ்லைடில் போடுங்கள். புரொடக்ஷன் மேனேஜர் நம்ப வேண்டியது அதுதான்.

---

விண்மீன் எழுதியது:

இந்தச் சோதனைக்கு உரசிப் பார்க்க ஒரு நிஜ ஸ்லைடு இருக்கிறது, பொதுவெளியில். 2003 ஜனவரி 16-இல் கொலம்பியா விண்ணோடம் கிளம்பி ஏறத்தாழ 82 வினாடியில், வெளித் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு இடது இறக்கையில் அடித்தது. விண்ணோடம் மேலே சுற்றிக்கொண்டிருந்தபோதே பொறியாளர்கள் சேதத்தை மதிப்பிட்டு நாசா மேலாளர்களுக்குச் சில ஸ்லைடுகள் காட்டினார்கள். பிப்ரவரி 1-இல் திரும்பும்போது விண்ணோடம் சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்தார்கள். அந்த ஸ்லைடுகளில் ஒன்றை விசாரணைக் குழு தன் அறிக்கையில் அச்சிட்டே விமர்சித்தது.

அதன் தலைப்பு சொல்வது, சோதனைத் தரவுகளைப் பார்த்தால் ஓடு துளைபடும் கணிப்பில் தாராளமான பாதுகாப்பு இடைவெளி இருக்கிறது என்பது. கீழே பல நிலைகளில் உள்தள்ளிய வரிகள். ஆகக் கடைசியில், மிகச் சிறிய எழுத்தில், அடித்த துண்டின் கொள்ளளவு 1,920 கன அங்குலம், சோதனையில் பயன்படுத்தியது 3 கன அங்குலம் என்று இருக்கிறது. 640 மடங்கு. அதாவது தலைப்பு எந்தச் சோதனையை நம்பச் சொல்கிறதோ அந்தச் சோதனை இந்த அடிக்குப் பொருந்தாது என்பதைக் கடைசி வரி சொல்கிறது.

"மேலாளர் என்ன நினைக்கணும்?" என்று கேட்டால் இந்த ஸ்லைடில் இரண்டு பதில் வருகிறது. தலைப்புப்படி, கவலைப்பட வேண்டாம். கடைசி வரிப்படி, நம் கையில் இருக்கும் தரவை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஒரு வாக்கியத்தில் எழுத உட்கார்ந்தால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகணும். கடைசி வரியைத் தேர்ந்தெடுத்தால் "அப்போ என்ன செய்யணும்?" என்ற கேள்வி தானாக வரும்: இறக்கையைப் படம் எடுத்துப் பார்க்கணும். ஸ்லைடில் அது எங்கேயும் இல்லை.

---

நெடுஞ்சாலை எழுதியது:

ஸ்லைடு பற்றிய உங்கள் வாசிப்பு சரி. ஆனால் பழி முழுவதையும் ஸ்லைடு மேல் போடாதீர்கள். பொறியாளர்கள் படம் வேண்டும் என்று அதற்கு முன்பே வெவ்வேறு வழிகளில் கேட்டிருந்தார்கள், அந்தக் கோரிக்கை மேலிடத்தில் நிறுத்தப்பட்டது. ஸ்லைடு காட்டப்பட்டது அதற்குப் பிறகு. கேட்டு மறுக்கப்பட்ட ஒன்றை மறுபடி ஸ்லைடில் எழுத எத்தனை பேர் துணிவார்கள்? கேட்பவர் என்ன செய்யணும் என்று தெரிந்திருந்தும் எழுத முடியாத இடங்கள் உண்டு. இந்தச் சோதனை அதைச் சரிசெய்யாது.

---

விண்மீன் எழுதியது:

எழுதத் துணிவார்களா என்பதை இந்தக் கேள்வி தீர்க்காது, ஒப்புக்கொள்கிறேன். தலைப்பை மட்டுமாவது "இந்த அடியை நம் சோதனைகள் உள்ளடக்கவில்லை" என்று வைத்திருந்தால் கேட்டவர்களே அடுத்த கேள்வியைக் கேட்டிருக்க வாய்ப்பு உண்டு என்பது என் எண்ணம்.

---

நெடுஞ்சாலை எழுதியது:

வாய்ப்பு உண்டு. அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

பம்ப்காரனுக்கு ஒரு கேள்வி. "171-ல் 138 ஒரே பவுண்டரி" என்ற ஸ்லைடுக்கு என்ன குறிப்பு எழுதியிருக்கிறீர்கள்?

---

பம்ப்காரன் எழுதியது:

"பர்ச்சேஸ் மேனேஜர், அந்தப் பவுண்டரியிடமிருந்து வாங்குவதைக் குறைக்கணும்." பை சார்ட் போட்டிருக்கேன், 81 சதவீதம் சிவப்பு.

---

நெடுஞ்சாலை எழுதியது:

அந்தப் பவுண்டரி உங்களுக்கு எத்தனை காஸ்டிங் தருகிறது?

---

பம்ப்காரன் எழுதியது:

4,200-ல் 3,100 அவர்களுடையது. மீதி 1,100 இன்னொருவர்.

---

நெடுஞ்சாலை எழுதியது:

அப்போ கணக்கைப் பாருங்கள். 3,100-ல் 138 என்றால் 4.5 சதவீதம். 1,100-ல் 33 என்றால் 3 சதவீதம். நாலில் மூன்று பங்கு காஸ்டிங் தருபவரிடமிருந்து ஐந்தில் நாலு பங்கு லீக் வருகிறது. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் உங்கள் சிவப்பு பை காட்டுகிற அளவுக்கு இல்லை. ஒரு மாதக் கணக்கை வைத்து நிச்சயமாகச் சொல்லவும் முடியாத அளவு.

பர்ச்சேஸ் மேனேஜருக்கு 3,100 என்ற எண் மனப்பாடம். பையைப் பார்த்த நிமிஷமே சொல்லிவிடுவார். உங்கள் ஸ்லைடு செங்காந்தள் சொன்ன கேள்விக்கு அழகாகப் பதில் தருகிறது, ஆள் இருக்கிறார், வினை இருக்கிறது, திருப்பிப் போட்டாலும் நிற்கிறது. ஆனால் பதில் தவறு. அதனால் குறிப்பு எழுதியபிறகு இன்னொன்றையும் கேட்கணும்: அந்த ஆள் இதை நம்பாமல் இருக்க அவருக்குத் தெரிந்த எந்தத் தகவல் போதும்? அது ஸ்லைடில் இருக்கிறதா?

---

செங்காந்தள் எழுதியது:

நெடுஞ்சாலை சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். இதில் இன்னொன்றும் இருக்கிறது. இரண்டு சதவீதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஸ்லைடின் பதிலே மாறிவிடுகிறது. "பவுண்டரியை மாற்றணும்" என்பது போய், "எந்தப் பவுண்டரியிடம் வாங்கினாலும் லீக் வருகிறது, அதனால் நம் பக்கத்தில் சீக்கிரமே பிடிக்கணும்" என்று எம்.டி. நினைப்பார். அது ஃபிக்ஸ்சருக்கு நேராகப் போகிறது. பழைய பை இருந்திருந்தால் "ஃபிக்ஸ்சர் எதுக்கு, பவுண்டரியை மாத்துங்க" என்று அவர் சொல்லியிருப்பார். உங்கள் ஒரு ஸ்லைடு உங்கள் இன்னொரு ஸ்லைடுக்கு எதிராக நின்றது.

குறிப்புகளை எல்லாம் எழுதி முடித்ததும் வரிசையாக ஒரு தாளில் எழுதி, ஒன்றுக்கொன்று முட்டுகிறதா என்று படியுங்கள். தலைப்புகளை மட்டும் பார்க்க View மெனுவில் Outline View இருக்கிறது.

---

நேர்க்கோடு எழுதியது:

சரி, தலைப்பைக் கட்டளையா வைக்கிறது பத்தி நான் சொன்னதை விட்டுடறேன். ஆனா ப்ளோஹோல் போட்டோவை என்ன பண்றது? யாரும் அதைப் பார்த்து எந்த முடிவும் எடுக்கப் போறதில்ல. அது தூக்க வேண்டியதுதானே?

---

செங்காந்தள் எழுதியது:

எத்தனை போட்டோ, எதைக் காட்டுகிறது என்பதைப் பொறுத்தது. மேல்பரப்பில் தெரியும் குழிகள் ஆறு என்றால் தூக்கிவிடலாம். ஆனால் லீக் ஆன ஒரு கேசிங்கை அறுத்து, சுவருக்குள்ளே இருக்கும் துளை வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது என்று காட்டும் ஒரே போட்டோ இருந்தால் வைத்துக்கொள்வேன். "காஸ்டிங் வரும்போதே பார்த்துத் திருப்பி அனுப்ப வேண்டியதுதானே, எதற்குக் கருவி?" என்று எம்.டி. கேட்பார். கண்ணால் பார்த்துப் பிடிக்க முடியாது என்று அவர் நம்பணும். அதற்கு அந்தப் போட்டோவைவிட நல்ல வழி இல்லை.

---

பம்ப்காரன் எழுதியது:

அறுத்த பீஸ் இருக்கு, நாளைக்கு போட்டோ எடுத்துடறேன்.

இன்னொரு சிக்கல். குவாலிட்டி பாலிசி, அஜெண்டா, டிபார்ட்மெண்ட் அட்டவணை இவை எல்லாம் கம்பெனியின் நிலையான ஃபார்மட்டில் இருக்கின்றன. ஆடிட்டுக்கு அந்த ஃபைலைத்தான் காட்டுவோம். எடுத்தால் கேள்வி வரும்.

---

நெடுஞ்சாலை எழுதியது:

ஆடிட்டரும் ஒரு கேட்பவர்தான். அவர் செய்ய வேண்டியது, ரிவ்யூ நடந்ததற்கு ஆதாரம் பார்ப்பது. அந்த ஸ்லைடுகளின் பதில் அதுவே, ஆனால் அவர் அந்த அறையில் இல்லை. வலது க்ளிக் செய்து Hide Slide கொடுங்கள். ஃபைலில் இருக்கும், திரையில் வராது.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. ஆடிட்டில் "ரிவ்யூ செய்தது" என்று காட்டும் அட்டவணையை மீட்டிங்கில் திறக்கவே இல்லை என்றால் அது சரியான ஆதாரமா? குறைந்தது அச்சடித்த தாளாக நாலு பேர் கையிலும் கொடுத்து, மினிட்ஸில் "பார்வைக்கு வைக்கப்பட்டது" என்று எழுதணும். மறைத்துவைப்பது மட்டும் போதாது.

---

நெடுஞ்சாலை எழுதியது:

தாள் கொடுப்பது நல்லது. மினிட்ஸ் எப்படி எழுதணும் என்பது அவர்கள் கம்பெனி நடைமுறை, நான் சொல்ல முடியாது.

---

பம்ப்காரன் எழுதியது:

இப்போது வரிசை இப்படி வருகிறது. அடைப்புக்குள் யார், என்ன.

1. லீக்கில் போகும் கேசிங்குக்கு மெஷினிங் செலவு வீண், சீக்கிரம் பிடிக்க 1,80,000 கேட்கிறோம் (எம்.டி., இன்று எதை முடிவு செய்யணும் என்று தெரிந்து கேட்கணும்)
2. ரிஜக்ஷனில் மூன்றில் இரண்டு பங்கு லீக் (எம்.டி., முதலில் இதில்தான் கைவைக்கணும் என்று நம்பணும்)
3. ஆறு மாதமாக இதே நிலை (எம்.டி., அடுத்த மாதம் தானாகக் குறையாது என்று நம்பணும்)
4. இரண்டு பவுண்டரியிலும் வருகிறது, 4.5-ம் 3-ம் (பர்ச்சேஸ் மேனேஜர், சப்ளையரை மாற்றினால் மட்டும் தீராது என்று ஒத்துக்கொள்ளணும்)
5. அறுத்த பீஸ் போட்டோ (எம்.டி., கண்ணால் பிடிக்க முடியாது என்று நம்பணும்)
6. திரும்ப வரும் காலம், 40 செகண்ட், அதே ஆபரேட்டர் (எம்.டி. ஒப்புதல் தரணும், புரொடக்ஷன் மேனேஜர் இடம் ஒதுக்கணும்)

போன மாத ஆக்ஷன் பாயிண்ட்ஸ் ஸ்லைடும் இருக்கு. அதை எங்கே வைப்பது?

---

செங்காந்தள் எழுதியது:

ஆறாவதில் இரண்டு ஆள், இரண்டு வினை. பிரித்துவிடுங்கள். 40 செகண்டும் ஆபரேட்டரும் புரொடக்ஷன் மேனேஜருக்கு, அது ஐந்துக்குப் பிறகு தனி ஸ்லைடு. எம்.டி. ஒப்புதல் தரும் ஸ்லைடில் பணம் மட்டும்.

ஆக்ஷன் பாயிண்ட்ஸில் முடிந்தவற்றுக்கு யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை, தாளில் போகட்டும். முடியாதவற்றை மட்டும் யார், எந்தத் தேதிக்குள் என்று கடைசியில் வையுங்கள்.

---

நேர்க்கோடு எழுதியது:

கேட்கிறதை முதல் ஸ்லைடுலயே போடணுமா? தொகையைப் பார்த்ததும் எம்.டி. "வேண்டாம்"னு சொல்லிட்டா மிச்ச ஸ்லைடு எல்லாம் வீண்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

என் அனுபவத்தில் முன்னாலேயே சொல்வதுதான் நல்லது. எதற்காகக் கேட்கிறோம் என்று தெரியாமல் ஐந்து ஸ்லைடு பார்க்கிறவர் ஒவ்வொன்றிலும் தனக்குத் தோன்றியதைக் கேட்டுக்கொண்டிருப்பார். ஆனால் உங்கள் எம்.டி. எப்படிப்பட்டவர் என்று பம்ப்காரனுக்குத்தான் தெரியும்.

---

நெடுஞ்சாலை எழுதியது:

முதல் ஸ்லைடு எதுவாக இருந்தாலும், நாலாவது ஸ்லைடை மீட்டிங்குக்கு முதல்நாளே பர்ச்சேஸ் மேனேஜரிடம் காட்டிவிடுங்கள். காட்டும்போது இதையும் கேளுங்கள்: 3,100-ம் 1,100-ம் அந்த மாதம் வந்து இறங்கிய காஸ்டிங்கா, மெஷினுக்கு ஏறியதா? இறங்கியது என்றால் ஸ்டாக்கில் கிடப்பதும் அதில் சேர்ந்திருக்கும், 4.5-ம் 3-ம் இரண்டுமே மாறும். நீங்கள் 4,200-ஐ மெஷினிங் கணக்கு என்றீர்கள், இரண்டின் கூட்டுத்தொகையும் 4,200-க்குச் சரியாக வருகிறது, அதனால் பிரச்சினை இருக்காது என்று நினைக்கிறேன். இருந்தாலும் அவர் வாயால் உறுதி செய்துகொள்ளுங்கள்.